கல்யாணம் ஆகாதவர்களுக்குப் பிரசங்கம் பண்ணப் போய் நான் பட்ட பாடு

போன வருசம் ஜூன் மாதம், மழை விடாமல் ஊற்றிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து குடையைத் தேடிக்கொண்டிருந்த என்னிடம் எங்கள் பாஸ்டர் வந்து, "டீச்சர், நம்ம சபையில கல்யாணம் ஆகாதவங்க, தனியா இருக்கிறவங்க நெறைய பேர் இருக்காங்க. ஒரு சனிக்கிழமை அவங்களை மட்டும் கூப்பிட்டு ஒரு கூட்டம் வைப்போம், நீங்கதான் பேசணும்"னு சொன்னார். ஏன் நான் என்று கேட்கவில்லை, கேட்டால் என்ன சொல்வார் என்று தெரியும். எனக்கு 41 வயது. டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்துப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். ஓய்வுநாள் பள்ளி எடுக்கிறேன், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை பிரசங்கமும் பண்ணுவேன். கல்யாணம் ஆகவில்லை. அந்தக் கடைசித் தகுதிக்காகத்தான் கூப்பிட்டார். சரி என்று ஒத்துக்கொண்டேன். அந்தச் 'சரி'யை நினைத்து அடுத்த மூன்று மாதம் நொந்தேன். இந்த மாதிரிக் கூட்டத்தில் பேசச் சொல்லி யாராவது உங்களையும் கேட்டால், எனக்கு ஒருவரும் சொல்லாததை நீங்களாவது தெரிந்துகொண்டு போங்கள் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் என் கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் நான் செய்த பிழை அங்கேதான் தொடங்குகிறது. 29 வயதில் இருந்து 37 வரைக்கும் எனக்குக் கல்யாணம் பேசினார்கள். தரகருக்கு முதலில் 10,000 ரூபா, அப்புறம் ஒவ்வொரு சாதகம்... இல்லை, நாங்கள் வேதக்காரர், சாதகம் இல்லை, ஒவ்வொரு 'விபரத்தாளு'க்கும் 1,500. பார்க்க வந்தவர்கள் ஆறு குடும்பம். ஒவ்வொரு தடவையும் வேன் நிறைய ஆட்கள், கேக், ரோல்ஸ், சோடா, எனக்கொரு சாரி. வீட்டுக்கு முன்னால் தகரச் சீட்டுப் போட்டு இறக்கியதற்கும் அந்தக் கல்யாணப் பேச்சுதான் காரணம். அம்மா கணக்கு வைக்கவில்லை, நான் வைத்தேன். ஏறக்குறைய இரண்டே கால் லட்சம். அதுபோகட்டும், காசைச் சம்பாதிக்கலாம். அந்த எட்டு வருசத்தில் பட்டப்படிப்புக்கு இரண்டு தடவை விண்ணப்பம் நிரப்பிவிட்டு, 'எங்க கட்டிக்கொடுத்துப் போவோமோ, அங்க போய்ப் படிக்கலாம்' என்று அனுப்பாமலே வைத்தேன். அதுதான் இன்றைக்கும் வலிக்கிறது.

33 வயதில் ஒரு விசேஷக் கூட்டத்துக்குப் போனேன். வெளியூர் ஊழியக்காரர் ஒருவர், "முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகாதவர்கள் முன்னுக்கு வாங்க, தடையை உடைத்து ஜெபிப்போம்" என்றார். போகக்கூடாது என்றுதான் இருந்தேன், பின்னால் இருந்த சித்தி முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டார். பதினாலு பேர் வரிசையில் நின்றோம், நெற்றியில் எண்ணெய் வைத்தார்கள், சபை முழுக்க எங்களுக்காக அழுதது. அடுத்த வாரத்தில் இருந்து கொழுந்து நிறுக்கிற இடம், பஸ் தரிப்பிடம், பைப்படி என்று எங்கே போனாலும் ஒரே கேள்வி: "என்னம்மா, ஏதாவது சரிவந்துச்சா?" ஜெபம் பலிக்காததற்கும் நான்தான் காரணம் என்பதுபோல ஒரு பார்வை. இரவில் எல்லோரும் தூங்கின பிறகு பைப்படியில் பாத்திரம் கழுவுகிற சாக்கில் அழுதிருக்கிறேன். வீட்டுக்குள் அழ இடம் கிடையாது.

இவ்வளவையும் பட்ட நான் என் முதல் பிரசங்கத்தில் என்ன பேசினேன் தெரியுமா? ரூத். 'போவாசுக்காகப் பொறுமையாகக் காத்திரு.' அதையே ஐம்பத்தைந்து நிமிசம். ஜூலை மாதம் இரண்டாம் சனிக்கிழமை, ஹட்டனில் ஒரு சின்ன மண்டபம், தூரத்துத் தோட்டங்களில் இருந்து ஆட்களைக் கூட்டிவர வேன் 9,000, நாற்பது சாப்பாட்டுப் பார்சல் 14,000. சபை நிதியில் பாதிதான் கிடைத்தது, மிச்சம் என் சம்பளத்தில் போனது. முப்பத்திநாலு பேர் வந்தார்கள். ஏற்ற காலத்தில் கர்த்தர் செய்வார் என்றேன், அவர்களும் ஆமென் சொன்னார்கள். முடிவில் பாஸ்டர் எழும்பி, "அடுத்த வருசம் இந்நேரம் இதில பாதிப்பேர் சோடியா வரணும்"னு ஜெபித்தார். எனக்கும் அது பெரிய வெற்றியாகத்தான் தெரிந்தது. ஆகஸ்ட் கூட்டத்துக்கு வந்தவர்கள் ஒன்பது பேர்.

அந்த ஒன்பது பேரில் ஐம்பதை ஒட்டிய ஒரு அக்கா இருந்தார். புருசன் செத்து ஆறு வருசம், மகள் கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையில். தேத்தண்ணி குடித்துக்கொண்டே சொன்னார், "டீச்சர், கோவிச்சுக்காதீங்க. போன மாசம் நீங்க பேசுனது பூரா கல்யாணத்துக்கு முன்னாடி இருக்கவங்களுக்கு. நான் கல்யாணத்துக்குப் பின்னாடி இருக்கேன். எனக்கு எந்தப் போவாஸ்?" பக்கத்தில் இருந்த அண்ணன் ஒருவர், ஹட்டன் டவுனில் ஒரு கடையில் நிற்கிறவர், வயது 44, மெதுவாகச் சிரித்தார். மூன்று தங்கச்சிமாரைக் கட்டிக்கொடுத்து முடித்தபோது அவருக்கு நாற்பது. "ஞாயித்துக்கிழமை காலையில நூத்தம்பது பேர் கை குடுக்குறாங்க டீச்சர். மத்தியானம் போர்டிங் ரூம்ல சோத்துப் பார்சலைப் பிரிச்சா, உப்புக் கூடன்னு சொல்றதுக்கு ஆளில்ல." அந்த வசனத்தை நான் அப்படியே கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் புத்தி வந்தது. வேதாகமத்தைத் திறக்கிறதுக்கு முன்னாடி, வரப்போகிறவர்களில் ஏழு பேரைத் தனித்தனியாகச் சந்தித்தேன். 'உங்களுக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை' என்று கேட்கவே இல்லை, அதை ஊரே கேட்டாகிவிட்டது. 'வாரத்தில் எந்த நேரம் கஷ்டம்?' என்று மட்டும் கேட்டேன். வந்த பதில்கள் எல்லாமே சின்னச் சின்ன விசயங்கள். காய்ச்சல் வந்து படுத்த இரண்டாம் நாள். கல்யாண வீட்டில் எந்த மேசையில் உட்காருவது. ஆஸ்பத்திரித் துண்டில் 'நெருங்கிய உறவினர்' என்ற இடம். இதையெல்லாம் தெரியாமல் 'தனிமை' என்று மேடையில் நின்று பேசினால் அது யாருக்கோ எங்கேயோ நடக்கிற சமாச்சாரமாகப் போய்விடும். இந்த ஏழு பேரில் இரண்டு பேர் 'கல்யாணம் ஆகாதவர்கள்' இல்லை என்பதையும் கவனித்தேன். ஒருவர் விதவை. இன்னொருவருக்குப் பெண்சாதி சவூதியில் வீட்டுவேலைக்குப் போய் ஐந்து வருசம். கூட்டத்துக்கு என்ன பெயர் வைக்கிறோம் என்பதிலேயே பாதிப்பேரை வெளியே நிறுத்திவிடலாம்.

இன்னொன்று. இந்தத் தலைப்பில் நான் வாசித்ததும் கேட்டதும் எல்லாம், தனியாள் என்றால் தனி வீட்டில், அமைதியான அறையில் இருப்பவர் என்று நினைத்துச் செய்யப்பட்டவை. நம் லயத்தில் அப்படியா? பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. தம்பிக்குக் கல்யாணம் முடிந்த அன்றைக்கு என் பாய் உள் காம்பராவில் இருந்து இஸ்தோப்புக்கு வந்தது. அவனுக்குப் பிள்ளை பிறந்ததும் அடுப்படிக்குப் போனது. குளிருக்கு அது நல்லதுதான், ஆனால் விடிய நாலரைக்குக் கொழுந்துக்குப் போகிறவர்களுக்கு ரொட்டி சுடத் தம்பி பெண்சாதி வருவதற்குள் பாயைச் சுருட்டிவிடவேண்டும். ஏழு பேர் இருக்கிற வீட்டில் நான் தனிமையாக இருந்தேன் என்று சொன்னால் வெளியூர்ப் பிரசங்கியாருக்குப் புரியாது. நம் ஆட்களுக்கு உடனே புரியும். ஆகவே 'தனிமையைத் தேவனோடு அமர்ந்திருக்கிற நேரமாக்குங்கள்' என்ற அறிவுரையை இங்கே சொல்லாதீர்கள். அமர்ந்திருக்க இடமில்லாதது தான் எங்கள் பிரச்சினை.

இப்போது செப்டம்பர் கூட்டத்துக்கு நான் எடுத்த வசனங்களுக்கு வருகிறேன். ரூத்தை ஏன் விட்டேன் என்றால், நிதானமாக வாசித்தபோது அவள் காத்திருக்கவே இல்லை என்று தெரிந்தது. புருசன் செத்தவள், அந்நிய ஊர்க்காரி, மாமியாருக்குச் சோறு போட வயலில் கதிர் பொறுக்கப் போனவள். களத்துமேட்டுக்கு இரவில் போனதும் நகோமி சொல்லி அவளாகப் போனதுதான். பொறுமையாக உட்கார்ந்திருந்தவளுக்கு மாப்பிள்ளை தேடி வந்த கதையாக அதை மாற்றினது நாங்கள். எரேமியா 29:11 ஆம் வசனமும் அப்படித்தான், கல்யாண வாழ்த்து அட்டை முதல் சுவர்க் கலண்டர் வரைக்கும் போடுகிறோம், உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகள் சமாதானத்துக்கேதுவானவை என்று. அதற்கு ஒரு வசனம் முன்னால் எழுபது வருசம் என்று இருக்கிறது. அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதின கடிதம். அதை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் அநேகம்பேர் அது நிறைவேறுவதைப் பார்க்காமலே செத்திருப்பார்கள். 'கொஞ்சம் பொறு, உனக்கும் வரும்' என்று சொல்கிற வசனம் இல்லை அது.

அதே கடிதத்தில் அவர்களுக்குச் சொன்ன வேலை என்ன என்றால் வீடு கட்டு, குடியிரு, தோட்டத்தை நாட்டு, அதன் பலனைச் சாப்பிடு, நீ இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடு. ஆறாம் வசனத்தில் பெண் கொள்ளுங்கள், கொடுங்கள் என்றும் இருக்கிறது, அதை மறைத்துப் பேசாதீர்கள், யாராவது வீட்டுக்குப் போய் வாசிப்பார்கள். நான் அதைச் சொல்லிவிட்டு, கல்யாணம் அந்தப் பட்டியலில் உள்ள பல வேலைகளில் ஒன்று, மற்ற வேலைகளைத் தொடங்குவதற்கான அனுமதிச் சீட்டு இல்லை என்று சொன்னேன். எரேமியாவுக்கே பெண் கொள்ளாதே என்றுதான் 16 ஆம் அதிகாரத்தில் கட்டளை. அந்த ஆள்தான் மற்றவர்களுக்கு இதை எழுதினான். இந்த இடத்தில் என் அனுப்பாத விண்ணப்பங்களைப் பற்றிச் சொன்னேன். நாற்பதாவது வயதில் மூன்றாம் தடவையாக நிரப்பி இந்தத் தடவை தபாலில் போட்டதையும் சொன்னேன். சொல்லும்போது குரல் உடைந்தது, சமாளித்துக்கொண்டேன்.

தனிமைக்கு நான் எடுத்தது 2 தீமோத்தேயு 4. பவுல் கல்யாண பந்தம் இல்லாதவர், சிறையில் இருக்கிறார், சாவு கிட்ட வந்துவிட்டது என்று அவருக்கே தெரியும். 'நல்ல போராட்டத்தைப் போராடினேன்' என்று பெரிதாக எழுதுகிறார், அதைத்தான் நாங்கள் மரண வீட்டில் வாசிப்போம். அடுத்த வரிகளை வாசிக்கமாட்டோம். தேமா என்னை விட்டுப் போய்விட்டான். லூக்கா மட்டும்தான் என்னோடு இருக்கிறான். சீக்கிரம் வா. வரும்போது துரோவாவில் கார்ப்பு என்பவனிடம் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டு வா, புத்தகங்களையும் கொண்டு வா. கடைசியில் இன்னொரு தடவை: குளிர்காலத்துக்கு முன்னே வந்து சேரப் பார். குளிர்காலம் தொடங்கினால் கடலில் கப்பல் ஓடாது. அவருக்குக் குளிர்கிறது. மார்கழி மாதம் நம் மலையில் இதற்கு விளக்கம் தேவையில்லை, கம்பளி என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

நான் இதில் நின்று பேசியது ஒரேயொரு விசயத்தைத்தான். பவுல் 'எனக்குத் தனிமையாக இருக்கிறது, எல்லோரும் ஜெபியுங்கள்' என்று பொதுவாக எழுதவில்லை. ஒரு ஆளின் பெயர் சொல்கிறார், ஒரு பொருளைச் சொல்கிறார், எப்போதைக்குள் என்று தவணை சொல்கிறார். கர்த்தர் எனக்குத் துணை நின்றார் என்று அதே அதிகாரத்தில் எழுதின மனுசன், 'கர்த்தர் இருக்கிறார், அதனால் நீ வரவேண்டாம்' என்று எழுதவில்லை. எங்களுக்கோ கேட்கத் தெரியாது. தனி ஆட்கள் கேட்டால் 'அதுக்குத்தான் ஒரு கல்யாணத்தைப் பண்ணியிருக்கணும்' என்ற பதில் வருமோ என்ற பயம், அதனால் காய்ச்சலைக்கூடச் சொல்லாமல் கிடக்கிறோம். பிரசங்கத்தின் நடுவில் எல்லோரிடமும் ஒரு துண்டுக் கடதாசி கொடுத்தேன். ஒரு பெயர், ஒரு காரியம், ஒரு நாள். எழுதி என்னிடம் தரவேண்டாம், சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், இந்த வாரத்துக்குள் அந்த ஆளிடம் கேளுங்கள் என்றேன். இரண்டு பேர் பெயர் எழுத முடியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். அதை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. அடுத்த தடவை செய்தால், பெயர் கிடைக்காதவர்கள் எழுதுவதற்கு என் பெயரையும் இன்னும் நாலு பேரின் பெயரையும் நம்பரோடு முன்கூட்டியே கரும்பலகையில் போட்டுவைப்பேன்.

நோக்கம், அழைப்பு என்று பேசுகிற பகுதியில்தான் அதிகம் கவனமாக இருக்கவேண்டும். 1 கொரிந்தியர் 7 ஐ எடுத்து, 'விவாகமில்லாதவன் கர்த்தருக்குரியவைகளுக்காகக் கவலைப்படுகிறான், உங்களுக்குக் குடும்பப் பாரம் இல்லை, எவ்வளவு நேரம் இருக்கிறது' என்று தொடங்கினால் கூட்டத்தில் பாதிப்பேர் உள்ளுக்குள் பல்லைக் கடிப்பார்கள். எங்களுக்கு நேரம் இருக்கிறதா? அம்மாவின் சீனி வருத்தத்துக்குக் கிளினிக் கொண்டுபோவது யார்? தம்பி பிள்ளைகளின் புலமைப்பரிசில் பாடத்தைப் பார்ப்பது யார்? சபையில் கதிரை அடுக்குவது, கிறிஸ்மஸ் கெரோல் ஒழுங்கு, இரவு ஜெபத்துக்குத் தேத்தண்ணி, எல்லாம் 'அவங்களுக்கு என்ன, ஃப்ரீதானே' கணக்கில் வந்து விழுகிறது. கல்யாணத்தை வாழ்க்கையின் இலக்கு இல்லை என்று சொல்லிவிட்டு அந்த இடத்தில் சபை வேலையைக் கொண்டுபோய் வைத்தால், எங்கள் கழுத்தில் இருப்பது வேறு நுகத்தடி, அவ்வளவுதான்.

பவுல் அந்த அதிகாரத்தில் இரண்டு காரியம் சொல்கிறார், நான் அந்த இரண்டோடு நிறுத்திக்கொண்டேன். ஒன்று ஏழாம் வசனம், ஒருவனுக்கு ஒருவிதமான வரம், இன்னொருவனுக்கு வேறுவிதம். அப்படியானால் கல்யாணமும் ஒரு வரம்தான், தனியாக இருப்பதும் வரம்தான், ஒன்று பரிசு மற்றது தண்டனை என்று இல்லை. கல்யாணம் வேண்டும் என்று ஆசைப்படுகிறவருக்கு 'அப்போ உனக்குத் தனிமை வரம் இல்லை' என்று பரீட்சை வைக்கவும் அதில் இடமில்லை. ஆசை இருக்கலாம், எனக்கு இன்றைக்கும் சில நாள் இருக்கிறது, அதை அவர்களிடமே சொன்னேன். இரண்டாவது, கன்னிகைகளைப் பற்றிக் கர்த்தருடைய கட்டளை என்னிடம் இல்லை, இது என் அபிப்பிராயம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, முப்பத்தைந்தாம் வசனத்தில் இதை உங்களைக் கண்ணியில் மாட்டுவதற்காகச் சொல்லவில்லை என்கிறார். கண்ணி என்றால் நம் பையன்கள் முயலுக்கு வைக்கிற அதே சுருக்குத்தான். அப்போஸ்தலனே கட்டளை இல்லை என்று கையை எடுத்த இடத்தில், சித்திமாருக்கும் தரகருக்கும் எங்கிருந்து கட்டளை வந்தது என்று கேட்டேன். அறை முழுக்கச் சிரித்தது. அன்றைக்கு நிஜமாகச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அந்தப் பிரசங்கம் செப்டம்பர் கடைசியில் நடந்தது. இருபத்தைந்து நிமிசம், மண்டபம் இல்லை, சபையின் பின்பக்க அறையில் வட்டமாகக் கதிரை. பார்சல் வாங்கவில்லை, ஆளுக்கு ஒரு கறி கொண்டுவந்தார்கள், சோறு நான் வடித்தேன், எல்லாமாக 2,800 ரூபாவுக்குள் முடிந்தது. பதினேழு பேர். பாஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன், முடிவில் கல்யாணத்துக்காக ஜெபிக்கவேண்டாம், யாரையும் எழுப்பி நிறுத்தவேண்டாம் என்று. அவருக்குப் பிடிக்கவில்லை. "பின்ன எதுக்காக டீச்சர் ஜெபிக்கிறது?" என்று உண்மையாகவே கேட்டார், பாவம். துண்டில் எழுதினதுக்காக என்றேன். ஒரு தங்கச்சி, வயது 27, பாதியில் எழும்பிப் போய்விட்டாள். 'நான் நம்பிக்கையாத்தான் வந்தேன், நீங்க கதவைச் சாத்திட்டீங்க'ன்னு பிறகு மெசேஜ் போட்டிருந்தாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. 27 வயதும் 50 வயதும் ஒரே வட்டத்தில் உட்கார்ந்தால் ஒரே பிரசங்கம் இரண்டு பேருக்கும் போதாது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன், இன்னும் சரியாகப் பேசுவதில்லை.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு வியாழக்கிழமை இரவு எட்டு மணிக்கு அந்த விதவை அக்கா போன் எடுத்தார். சுகமா, மழையா என்று சுற்றி வளைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம், "டீச்சர், சனிக்கிழமை காலையில கிளங்கன் ஆஸ்பத்திரியில கண்ணுக்குக் காட்டணும். மருந்து ஊத்துனா ரெண்டு மூணு மணித்தியாலம் கண்ணு தெரியாதாம். ஆறு மணி பஸ்ஸுக்கு வர ஏலுமா?" என்றார். ஏலும் என்றேன். சனிக்கிழமை பனி மூட்டத்தில் பஸ்ஸே கண்ணுக்குத் தெரியவில்லை. அவர் மடியில் ஒரு பையில் நாலு ரொட்டியும் சம்பலும் வைத்திருந்தார், இரண்டு அவருக்கு, இரண்டு எனக்கு. எங்களுக்குக் கிடைத்த நம்பர் 47.